நள்ளிரவைக் கடந்த ஷிப்டும் கணக்கில் வராத மணிகளும்: ஒரு சிறு தொழிற்கூடத்தின் மிகைநேரச் சம்பளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையின் புறநகரில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் 2022ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். மின்சாரத்தால் இயங்கும் ஆறு லேத்துகளும் இரண்டு துளையிடும் இயந்திரங்களும் அங்கே இருந்தன. ஒப்பந்தக்காரர் வழியாக வந்த நான்கு ஹெல்பர்களையும் சேர்த்து 23 பேர் வேலை செய்தார்கள். ஆகவே அன்று நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அந்த இடத்துக்கு ஐயமின்றிப் பொருந்தியது. அங்கு மாதந்தோறும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்குகளைத் தயாரித்துக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தொடர்பு இருந்தது. சம்பளப் பதிவேட்டின் நகலை எழுத்தர் அனுப்புவார், அதில் உள்ளதை வைத்து நான் கணக்கைத் தாக்கல் செய்வேன். அந்தப் பதிவேட்டில் மிகைநேரத்துக்கான பத்தி எல்லா மாதமும் காலியாகவே இருந்ததை நான் பார்த்திருந்தும் ஏனென்று கேட்கவில்லை.

வேலை இரண்டு ஷிப்டுகளாக நடந்தது. முதல் ஷிப்ட் காலை 8 மணி முதல் மாலை 4.30 வரை. இரண்டாவது ஷிப்ட் மாலை 4.30 முதல் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை. இரண்டிலும் அரை மணி நேர இடைவேளை போக எட்டு மணி நேர வேலை. வாரம் ஆறு நாள், ஞாயிறு விடுமுறை. ஆர்டர் நெருக்கும் வாரங்களில் இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் அதிகாலை 3 மணி வரை தங்கி வேலை செய்தார்கள். தொழிலாளர்கள் இதை 'ஓ.டி.' என்றும், முதலாளி 'எக்ஸ்ட்ரா நேரம்' என்றும் சொல்லிவந்தனர்.

விபத்தும் வருகைப் பதிவேடும்

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அதிகாலை 2.15 மணிக்கு, லேத்தில் சுருண்டு சேர்ந்திருந்த இரும்புச் சீவலைக் கையால் இழுத்து அப்புறப்படுத்தும்போது ஒரு ஆபரேட்டரின் ஆள்காட்டி விரல் ஆழமாக வெட்டுப்பட்டது. உடனிருந்தவர்கள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள், தையல் போடப்பட்டது, விரல் காப்பாற்றப்பட்டது. அவர் பத்தொன்பது நாள் வேலைக்கு வர இயலவில்லை.

காலையில் எழுத்தர் என்னை அழைத்தார். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், அதில் விபத்து நடந்த நேரத்தைக் குறிப்பிட வேண்டும். வருகைப் பதிவேட்டின்படி அந்த ஆபரேட்டர் அதிகாலை 1 மணிக்கே வேலை முடித்துச் சென்றுவிட்டார். 2.15 என்று எழுதினால், பதிவேட்டின்படி வீட்டில் இருக்க வேண்டிய ஒருவருக்குத் தொழிற்கூடத்தில் விபத்து நடந்ததாக ஆகும். அதனால், "நேரத்தை மட்டும் பன்னிரண்டே முக்கால்னு போட்டுக்கலாங்களா சார்?" என்று அவர் கேட்டார். கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, ஆபரேட்டருக்குக் கிடைக்க வேண்டிய பணம் தடைபட்டுவிடக் கூடாது என்றுதான் கேட்டார்.

கூடாது என்றேன். மருத்துவமனையின் சேர்க்கைச் சீட்டில் நேரம் 2.50 என்று இருந்தது, தொழிற்கூடத்திலிருந்து அங்கே போகப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். விபத்து 12.45க்கு நடந்தது என்று எழுதினால், வெட்டுப்பட்டவரை இரண்டு மணி நேரம் காக்க வைத்ததாகப் பொருள்படும். பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த பொய்க்கு இசைவாக அறிக்கையையும் பொய்யாக்கினால் இரண்டும் சேர்ந்து அவருடைய கோரிக்கையையே ஐயத்துக்கு உள்ளாக்கும். அறிக்கையில் 2.15 என்றே எழுதினோம். வருகை பதியும் கைரேகை இயந்திரத்தின் மூலப் பதிவையும், அவர் மிகைநேரத்தில் இருந்தார் என்ற முதலாளியின் கடிதத்தையும் இணைத்தோம். விளக்கம் ஏற்கப்பட்டது, வேலையில் ஏற்பட்ட காயமாகவே அது பதிவாகியது. அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகு, மிகைநேரம் இல்லை என்று சொல்லும் பதிவேட்டைத் தொடர்ந்து வைத்திருக்க முதலாளிக்கு வழியில்லாமல் போனது.

தோண்டியபோது தெரியவந்தவை

அடுத்த இரண்டு வாரம் நான் வருகை இயந்திரத்தின் மூலப் பதிவுகளையும், சூப்பர்வைசர் சட்டைப்பையில் வைத்திருந்த நோட்டையும், வேலை அட்டைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன்.

முதல் சிக்கல் கைரேகை இயந்திரத்தின் மென்பொருளில் இருந்தது. அது நள்ளிரவு 12 மணிக்கு நாளை வெட்டியது. ஒரு தேதியில் விழும் முதல் ரேகையை வருகை என்றும் கடைசி ரேகையை வெளியேற்றம் என்றும் எடுத்துக்கொண்டது. பகல் ஷிப்டுக்கு இது சரி. இரண்டாவது ஷிப்ட் ஆள் திங்கள் மாலை 4.30க்கு வந்து செவ்வாய் அதிகாலை 3.02க்குப் போனால், செவ்வாய்க்கிழமையின் முதல் ரேகை 3.02, அன்று மாலை அவர் மறுபடி வேலைக்கு வரும்போது வைக்கும் ரேகை 4.27. மென்பொருள் இந்த இரண்டையும் கழித்து, செவ்வாயன்று அவர் 13 மணி 25 நிமிடம் வேலை செய்ததாகக் காட்டியது. உண்மையில் அது அவர் வீட்டில் இருந்த நேரம். சனிக்கிழமை ஷிப்டின் வெளியேற்றமோ ஞாயிறு தேதியில் ஒற்றை ரேகையாக விழுந்து கிடந்தது.

இந்த எண்கள் அபத்தம் என்று எழுத்தருக்குத் தெரிந்தது. ஆனால் அமைப்பைத் திருத்த அவருக்குத் தெரியவில்லை. எனவே இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் அனைவருக்கும் ஒவ்வொரு நாளும் 'வருகை 4.30, வெளியேற்றம் 1.00' என்று கையால் மாற்றி அடித்து, அதையே அச்சிட்டுக் கோப்பில் வைத்தார். எல்லோரும் எல்லா நாளும் நிமிடம் பிசகாமல் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போனதாகக் காட்டும் ஒரு வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், அதை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று உடனே ஐயப்பட வேண்டும். நான் ஐயப்பட்டிருக்க வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருந்தது. நாள் என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் என்பது பொது விதி. ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டும்போது, தாண்டிய மணிகளை முந்திய நாளோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்று 57ஆம் பிரிவு கூறியது. வார விடுமுறையும் அப்படியே: சனிக்கிழமை ஷிப்ட் ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு முடிந்தால், அந்த 3 மணியிலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் அவருடைய விடுமுறை. மென்பொருளின் நாள் சட்டத்தின் நாளோடு பொருந்தாததே மிகைநேரம் கணக்கிலிருந்து நழுவியதற்கு முதற்காரணம்.

இரண்டாவது சிக்கல் சூப்பர்வைசரின் நோட்டு. மிகைநேரத்துக்கு உண்மையான ஆதாரமாக இருந்தது அது ஒன்றுதான். அவர் நேர்மையானவர், ஆனால் ஷிப்ட் முடியும் களைப்பில் எழுதியவர். அரை மணிக்குக் குறைந்த நேரத்தை அவர் எழுதவே இல்லை. 2.50க்குப் போனால் ஒன்றரை மணி நேரம் என்று எழுதினார். தாம் விடுப்பில் இருந்த நாட்களில் நடந்ததைப் பிறகு கேட்டு எழுதினார், சில நாள் விட்டும் போனது. நோட்டைப் பார்த்து எழுத்தர் மாதக் கடைசியில் ரொக்கமாகக் கொடுத்து, 'ஏற்றுகூலி' என்ற தலைப்பில் வவுச்சர் போட்டார்.

மூன்றாவது, விகிதம். அந்த ஆபரேட்டரின் சம்பளத்தை, கணக்கு எளிதில் விளங்கும்படி முழு எண்களாக்கிச் சொல்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 2,400, பயணப்படி 1,200, மொத்தம் 15,600. மிகைநேரத்துக்கு அவருக்கு மணிக்கு 50 ரூபாய் தரப்பட்டது. 12,000ஐ 30ஆல் வகுத்து, வந்த 400ஐ 8ஆல் வகுத்தால் 50. இதில் படிகள் இல்லை, இரட்டிப்பும் இல்லை. ஆனால் அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் பிடித்தம் செய்ய மட்டும் 15,600ஐ 26ஆல் வகுத்து 600 ரூபாய் கழித்தார்கள். பிடிக்கும்போது 26, கொடுக்கும்போது 30. இந்த இரண்டு வகுஎண்களை அடுத்தடுத்த பத்திகளில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், அது சம்பளத்தைப் பற்றியதன்று. இரண்டாவது ஷிப்டின் இடைவேளை இரவு 8.30 முதல் 9 மணி வரை. அதன் பிறகு 3 மணி வரை தொடர்ந்து ஆறு மணி நேரம் ஓய்வே இல்லை. அரை மணி ஓய்வு இன்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து வேலை செய்யக் கூடாது என்று 55ஆம் பிரிவு கூறியது. விபத்து நடந்த 2.15 மணி, கடைசி ஓய்வுக்குப் பிறகு ஐந்தே கால் மணி நேரம் கழிந்த பொழுது.

முதலாளியின் தயக்கம்

மிகைநேரத்தைப் பதிவேட்டில் காட்டாததற்கு முதலாளி சொன்ன காரணத்தை நியாயமாகப் பதிவு செய்ய வேண்டும். பணத்தை மிச்சப்படுத்துவது மட்டும் அவர் நோக்கமாக இருக்கவில்லை. வழக்கமான விதிவிலக்குகளின்கீழ் ஒரு காலாண்டில் மிகைநேரம் 50 மணிக்கு மேல் போகக் கூடாது என்பதை எங்கோ கேட்டிருந்தார். பதிவேட்டில் காட்டினால் அந்த வரம்பைத் தாண்டியது தெரிந்துவிடும் என்று அஞ்சினார். உண்மையில் நிலைமை அவர் நினைத்ததைவிடக் கடினமானது. அன்றைய சட்டத்தில் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்பவை வெறும் சம்பளக் கோடுகள் அல்ல, வேலை நேரத்தின் வரம்புகள். அவற்றைத் தாண்ட விதிவிலக்கோ அனுமதியோ வேண்டியிருந்தது. திடீர் வேலை நெருக்கடிக்கு 65ஆம் பிரிவின்கீழ் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் அனுமதி கேட்டிருக்கலாம். அந்த அனுமதியின்கீழ் காலாண்டு வரம்பு 75 மணி, வார வரம்பு மிகைநேரம் உட்பட 60 மணி. அவர் ஒருமுறையும் விண்ணப்பித்ததில்லை.

வரம்பைத் தாண்டியது ஒரு மீறல், அதை மறைக்கப் பொய்ப் பதிவேடு எழுதியது இன்னொரு மீறல், இரண்டாவது முதலாவதை அழிப்பதில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் கழித்து, காயம்பட்ட ஆபரேட்டரை வீட்டில் பார்த்துவிட்டு வந்த பிறகு, "சரிங்க, முழுசாப் போட்டுப் பாருங்க, எவ்வளவு வருதோ பாக்கலாம்" என்றார்.

கணக்கை மீண்டும் போட்ட முறை

முதலில் விகிதம். 59ஆம் பிரிவின்படி மிகைநேரத்துக்குச் சாதாரண ஊதிய விகிதத்தின் இரு மடங்கு. சாதாரண விகிதம் என்பது அடிப்படைச் சம்பளமும் தொழிலாளிக்கு உரிய படிகளும் சேர்ந்தது, போனசும் மிகைநேரச் சம்பளமும் அதில் சேரா. வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் எல்லோருக்கும் நிலையான தொகையாகக் கொடுக்கப்பட்டதால் இரண்டையும் சேர்த்தோம். வருகைக்கான ஊக்கத்தொகை போனசாகவே தரப்பட்டதால் விட்டுவிட்டோம். எத்தனை நாளால் வகுக்க வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை. தொழிற்கூடமே பிடித்தத்துக்கு 26ஐப் பயன்படுத்தும்போது கொடுப்பனவுக்கு வேறு எண் வைக்க நியாயம் இல்லை என்பதே என் வாதமாக இருந்தது. பணிக்கொடைச் சட்டமும் மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் ஊதியத்தை 26ஆல் வகுத்தே கண்டது. ஆகவே 15,600ஐ 26ஆல் வகுத்தால் 600, அதை 8ஆல் வகுத்தால் 75, இரு மடங்கு 150. அவருக்குக் கொடுத்து வந்ததைப் போல மூன்று மடங்கு.

அடுத்து, எந்த மணிகள் மிகைநேரம் என்பது. அதிகமான தவறு நடப்பது இங்கேதான் என்பதால் அந்த ஆபரேட்டரின் இரண்டு வாரங்களை அப்படியே தருகிறேன்.

விபத்துக்கு முந்திய வாரத்தில் அவர் திங்கள், செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் பத்து மணி நேரமும் புதனன்று எட்டு மணி நேரமும் வேலை செய்தார். வெள்ளியன்று விடுப்பு. மொத்தம் 48 மணி. வாரக் கோட்டை மட்டும் பார்ப்பவர் மிகைநேரம் இல்லை என்பார். ஆனால் நாளுக்கு 9 மணி என்ற கோடும் அன்று தனியே இருந்தது. நான்கு நாளும் ஒவ்வொரு மணி அதைத் தாண்டியதால் நான்கு மணிக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. எட்டாம் மணிக்கும் ஒன்பதாம் மணிக்கும் இடைப்பட்ட இன்னொரு நான்கு மணி இருக்கிறது. அதற்கு இரட்டிப்பு அன்றைய சட்டப்படி இல்லை, ஆனால் இலவசமாகவும் வாங்க முடியாது. அவருடைய நியமன உத்தரவு எட்டு மணி நேர வேலைக்கே மாதச் சம்பளம் என்கிறது, வெள்ளிக்கிழமைக்கோ 600 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறது. எனவே அந்த நான்கு மணிக்குச் சாதாரண விகிதம். நான்கு மணி 150 வீதம் 600, நான்கு மணி 75 வீதம் 300, மொத்தம் 900 ரூபாய். அவருக்குக் கிடைத்தது 400.

அதற்கும் முந்திய வாரத்தில் அவர் ஆறு நாளும் வந்தார், நான்கு நாள் பத்து மணி, இரண்டு நாள் எட்டு மணி, மொத்தம் 56. நாள் கோட்டின்படி மிகை நான்கு மணி, வாரக் கோட்டின்படி எட்டு மணி. எழுத்தர் இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டு என்றார். ஒரே மணியை இரு முறை எண்ணக் கூடாது. நாள் கோட்டில் எடுத்த நான்கைக் கழித்தால் மீதி 52 மணி, அதில் 48க்கு மேல் நான்கு, ஆக மொத்தம் எட்டு. இரண்டு கணக்கில் எது பெரிதோ அதுவே விடையாக வரும். இங்கே 1,200 ரூபாய்.

விரிதாளில் இதற்கு இரண்டு சூத்திரங்கள் போதுமானவையாக இருந்தன. B பத்தியில் வந்த நேரம், C பத்தியில் போன நேரம், D பத்தியில் இடைவேளை மணி. நள்ளிரவைத் தாண்டினாலும் சரியான மணி வர வேண்டும் என்பதற்காக `MOD`:

```
=MOD(C2-B2,1)*24-D2
```

அது F பத்தியில் விழும்படி வைத்து, ஆறு நாளுக்கும் சேர்த்து வார மிகைநேரம்:

```
=MAX(SUM(F2:F7)-48,SUMPRODUCT((F2:F7>9)*(F2:F7-9)),0)
```

வாரம் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்குவது அன்றைய சட்டத்தின் பொது முறை. சனி ஷிப்ட் ஞாயிறு அதிகாலை வரை நீண்டாலும் அந்த மணிகள் முடிந்த வாரத்துக்கே சேரும். இதற்காகத் தாளில் தேதி என்ற தலைப்பை எடுத்துவிட்டு 'ஷிப்ட் தொடங்கிய தேதி' என்று எழுதினோம்.

நிலுவை

எவ்வளவு காலம் பின்னோக்கிப் போவது என்பது அடுத்த கேள்வி. சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைக்கப் பன்னிரண்டு மாத வரம்பு இருந்தது, இயந்திரத்திலும் பதினான்கு மாதப் பதிவு இருந்தது. பன்னிரண்டு மாதம் என்று முடிவாயிற்று.

மூன்று ஆதாரங்கள் முரண்பட்டபோது எதை நம்புவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டோம். இயந்திரத்தின் மூலப் பதிவு இருந்தால் அதுவே இறுதி. மின்தடையால் ரேகை விழாத நாட்களில் வேலை அட்டையில் உள்ள தொடக்க, முடிவு நேரம். அதுவும் இல்லையெனில் நோட்டு, நோட்டிலும் இல்லையெனில் தொழிலாளி சொல்வது. ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்து அவருடைய தாளைக் காட்டினோம். ஒருவர் தமக்கு இரண்டு நாள் கூடுதலாக எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னார். சீக்கிரம் வந்து ரேகை வைத்துவிட்டுத் தேநீர் குடித்த நேரத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். இயந்திரம் ஓடத் தொடங்காத நேரம் வேலை அல்ல என்று விளக்கினோம், அவர் ஏற்றுக்கொண்டார்.

காயம்பட்ட ஆபரேட்டரின் ஓராண்டுக் கணக்கில் எட்டு மணிக்கு மேல் 206 மணி நேரம் இருந்தது. நோட்டில் இருந்தது 178. விடுபட்ட 28 மணியில் பெரும்பகுதி சனி இரவுகளும் அரை மணிக்குக் குறைந்த துண்டுகளும். 206இல் 186 மணி இரட்டை விகிதத்துக்கும் 20 மணி சாதாரண விகிதத்துக்கும் வந்தன. 27,900 ரூபாயும் 1,500 ரூபாயும் சேர்ந்து 29,400. ஏற்கெனவே கொடுத்த 8,900ஐக் கழித்தால் நிலுவை 20,500 ரூபாய். பதினொரு பேருக்குமாக மொத்தம் 1,63,400 ரூபாய் வந்தது. ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்களை விட்டுவிடலாமா என்று முதலாளி கேட்டார். சட்டத்தில் தொழிலாளி என்ற சொல் ஒப்பந்தக்காரர் வழியாக வருபவரையும் உள்ளடக்கியது என்பதைக் காட்டியதும் அவர்களுக்கும் சேர்த்தே கொடுத்தார். தொகை மூன்று தவணைகளில், வங்கி வழியாக, சம்பளச் சீட்டில் 'மிகைநேர நிலுவை' என்ற தனி வரியில் போனது.

அன்றைய சட்டத்தில் ஈ.எஸ்.ஐ. பங்களிப்பு மிகைநேரச் சம்பளத்துக்கும் இருந்தது. 21,000 ரூபாய் உச்சவரம்புக்குள் ஒருவர் வருகிறாரா என்று பார்க்கும்போது மட்டும்தான் மிகைநேரத்தை விட்டுவிட வேண்டியிருந்தது. இது பலருக்குத் தலைகீழாகப் புரிந்திருந்தது. பழைய வவுச்சர் தொகைக்கும் நிலுவைக்கும் சேர்த்துப் பங்களிப்பு கட்டப்பட்டது. தொழிலாளியின் 0.75 விழுக்காட்டைப் பின்னோக்கிப் பிடிக்காமல் நிர்வாகமே தன் 3.25 விழுக்காட்டோடு ஏற்றது. பி.எஃப். சட்டத்தில் மிகைநேரப்படி அடிப்படை ஊதியத்திலிருந்து விலக்கப்பட்டிருந்ததால் அங்கே மாற்றம் இல்லை. காயம்பட்டவரின் தற்காலிக இயலாமைப் பணம், குறைத்துக் காட்டிய ஊதியத்தின்மேல் கணக்கிடப்பட்டிருந்தது. அதனால் அவருக்கு ஏற்பட்ட குறைவை முதலாளி தனியே கொடுத்தார்.

புதிய பதிவுமுறை

மென்பொருளில் நாள் வெட்டும் நேரத்தை நள்ளிரவிலிருந்து காலை 6 மணிக்கு மாற்றினோம். விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை அது. ஓராண்டுக்கு மேல் எழுத்தர் கையால் திருத்திக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூலப் பதிவை மாத முதல் நாளில் இறக்கி, யாரும் மாற்ற முடியாத வடிவில் சேமித்து, ஒரு நகல் எனக்கும் வரும். திருத்தம் தேவைப்பட்டால் மூலத்தில் கை வைக்காமல் தனிச் சீட்டில் எழுதுவது: என்ன பதிவாகியிருக்கிறது, என்னவாக இருக்க வேண்டும், ஏன். அதில் சூப்பர்வைசரும் தொழிலாளியும் கையெழுத்திட வேண்டும். மிகைநேரம் தொடங்கும் முன்பே சூப்பர்வைசர் எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டு ஒன்றும் வந்தது. அதன் ஒரு படி தொழிலாளியிடம் இருக்கும். மாதக் கடைசியில் அவர் தம் சீட்டுகளைக் கூட்டிச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். துண்டு நிமிடங்களைக் கால் மணியாக, தொழிலாளிக்குச் சாதகமாக மேல்நோக்கி முழுமையாக்குவது என்று முடிவானது.

எட்டு, ஒன்பது மணி என்ற இரட்டைக் கோட்டைப் புரியவைப்பது கடினமாக இருந்தது. இனி எட்டு மணிக்கு மேல் எல்லாமே இரட்டை விகிதம் என்று முதலாளியே முன்வந்தார். பழைய ஓராண்டில் அப்படிக் கொடுத்திருந்தால் அந்த ஆபரேட்டருக்கு 1,500 ரூபாய்தான் கூடியிருக்கும் என்று காட்டியது அவருக்கு உதவியது. மிகைநேரம் இருக்கும் நாளில் 1 மணிக்கு இரண்டாவது அரை மணி ஓய்வு கட்டாயமானது.

பின்னர் நடந்தது

அனுமதி வரும்வரை மிகைநேரம் நிறுத்தப்பட்டது. அந்த ஆறு வாரத்தில் இரண்டு ஆர்டர்கள் தாமதமாயின, அதில் ஒன்று கைநழுவியது. அனுமதி கிடைத்த பின் ஒரு காலாண்டு மிகைநேரம் நடந்தது, யாரும் அனுமதியின் வரம்பைத் தாண்டவில்லை.

நேர்மையான விகிதத்தில் கணக்கிட்டதும் வேறொன்று கண்ணில் பட்டது. நெருக்கடி மாதங்களில் எல்லோருக்குமாக ஏறத்தாழ 150 மணி மிகைநேரம் ஆனது. 150 ரூபாய் வீதம் 22,500. இன்னொரு ஆபரேட்டரை வைத்தால், நிர்வாகத்தின் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்குகளையும் சேர்த்து மாதம் 18,000 ரூபாய்க்குள், 208 மணி நேர வேலை கிடைக்கும். மணிக்கு 50 ரூபாய் என்று கொடுத்துவந்தவரை இந்த ஒப்பீடு தெரியாமலே இருந்தது. 2023 மார்ச்சில் இரண்டு ஆபரேட்டர்களை அமர்த்தினார்கள், ஜூன் மாதத்துக்குள் மிகைநேரம் மாதம் 40 மணிக்குக் கீழே வந்தது.

இதில் இழந்தவர்களும் உண்டு. மிகைநேரப் பணத்தை நம்பி வண்டிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்த ஒரு இளைஞர், "மணிக்கு அம்பதே குடுங்க, ஆனா நேரத்தைக் குடுங்க" என்று முதலாளியிடம் கேட்டார். அவர் கேட்டதைத் தரச் சட்டம் இடம் தரவில்லை. சில மாதம் கழித்து அவர் வேறு தொழிற்கூடத்துக்குப் போய்விட்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நிலுவையைக் கணக்கிடும் முன்பே தொழிலாளர்களை அழைத்து முறையைச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் தொகையோடு போய் நின்றதால், முதல் வாரம் முழுவதும் அது இழப்பீடா, கடனா, திரும்பப் பிடிப்பார்களா என்ற பேச்சாகவே கழிந்தது. முடித்த உருப்படிகளின் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் துண்டு விகிதத்தில் வேலை செய்த ஒரு மெருகேற்றுபவரின் கணக்கையும் மற்றவர்களைப் போலவே போட்டுவிட்டோம். முந்திய மாதத்தில் அதே வேலையைச் செய்த நாட்களின் சராசரி வருவாயை, மிகைநேரம் நீக்கி, எடுக்க வேண்டும் என்பதே அன்றைய விதி. அதைப் பிறகு திருத்தி மீதியைக் கொடுத்தோம்.

இன்று இதே கணக்கைப் போடுபவர் விகிதத்தை மீண்டும் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. இரட்டை விகிதம் அவற்றிலும் தொடர்கிறது. ஆனால் ஊதியம் என்பதன் வரையறை மாறிவிட்டது: வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் அதற்கு வெளியே நிற்கின்றன, விலக்கப்பட்டவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி மட்டும் உள்ளே வரும். அந்த ஆபரேட்டரின் 3,600 ரூபாய்ப் படிகள் பாதியைத் தாண்டாததால், அடித்தளம் 12,000 ஆகி, இரட்டை விகிதம் 150இலிருந்து ஏறத்தாழ 115க்கு இறங்கும். அந்தத் தொழிற்கூடம் 150ஐக் குறைக்கவில்லை. சம்பளச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்ட விகிதத்தைக் குறைப்பது சரியல்ல என்று முதலாளி சொன்னார்.

என் பங்கில் ஒரு மாற்றம் நடந்தது. கணக்குத் தயாரித்துக் கொடுக்கும் எல்லாத் தொழிற்கூடங்களிலும் காலாண்டுக்கு ஒருமுறை, நானே தேர்ந்தெடுக்கும் ஒரு வாரத்தின் மூலப் பதிவைக் கேட்டு வாங்கி, இரண்டாவது ஷிப்ட் ஆள் ஒருவரின் ஆறு நாளைக் கையால் கூட்டிச் சம்பளப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறேன். ஒரு தொழிற்கூடத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது.